வட்டியில்லாத் தவணை என்று சொல்லி 6,779 ரூபாயைப் பறித்துவிட்டார்கள்

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். ஊரறிந்த பெரிய வீட்டு உபயோகப் பொருள் கடை ஒன்றில் குளிர்சாதனப் பெட்டி வாங்கினேன். விலை 36,000 ரூபாய், மாதம் 3,000 வீதம் 12 தவணை. "வட்டி ஒரு ரூபாய்கூடக் கிடையாது அக்கா, என் தங்கைக்கும் இப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன்" என்றான் கடன் நிறுவனத்துக்காக அங்கே உட்கார்ந்திருந்த பையன். என் கைப்பேசிக்கு அடுத்தடுத்து ஓடிபி வந்தது. எதற்கு இத்தனை என்று கேட்டேன். "எல்லாம் ஒரே கடனுக்குத்தான்" என்றான். தங்கை என்று சொன்னவனை எப்படிச் சந்தேகிப்பது? பிராசசிங் கட்டணம் 799 ரூபாயையும் கட்டினேன்.

தவணைக்கென்றே வைத்திருந்த கணக்கில் 3,000 ரூபாய் போட்டுவைத்தேன். ஆனால் அவர்கள் கேட்டது 3,150. அந்த 150 ரூபாய் குறைந்ததால் தவணை திரும்பிவிட்டது. கடன் நிறுவனம் 590 ரூபாய் அபராதம் போட்டது, என் வங்கி தன் பங்குக்கு 590 பிடித்தது. எங்கிருந்து வந்தது அந்த 150 என்று பார்த்தால், நான் கேட்காத காப்பீடு ஒன்றை 1,800 ரூபாய்க்குக் கடனோடு சேர்த்திருக்கிறார்கள். அந்த ஓடிபிகளில் ஒன்று அதற்கு!

நேற்று கடைக்குப் போனேன். என் கண்ணெதிரே ஒருவர் அதே பெட்டியை முழுப் பணம் கொடுத்து 33,000 ரூபாய்க்கு வாங்கினார். வட்டி ஒளிந்திருந்த இடம் இதுதான். ரொக்கமாகக் கொடுத்தால் குறையும் 3,000 ரூபாயைத் தவணைக்காரருக்குக் குறைக்கமாட்டார்கள். 33,000 கடனுக்கு 36,000 கட்டினால் ஆண்டுக்கு 16 சதவீதத்துக்கு மேல் வட்டி. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது.

மேலாளரோ, "கடன் விஷயம் எங்களுடையது இல்லை, அவர்களைக் கேளுங்கள்" என்றார். அவர்களைத் தொலைபேசியில் பிடித்தால், "நீங்கள்தானே ஓடிபி கொடுத்தீர்கள் மேடம், காப்பீட்டுக்குக் காப்பீட்டு நிறுவனத்தைக் கேளுங்கள்." அந்தப் பையன் வேறு கிளைக்குப் போய்விட்டானாம். 3,000, 799, 1,800, 1,180. மொத்தம் 6,779 ரூபாய். என் உழைப்பு அது.

வாங்கப்போகிறவர்கள் முதலில் ரொக்க விலையைக் கேளுங்கள், தவணைப் பேச்சை அப்புறம் எடுங்கள். ஓடிபி சொல்வதற்கு முன் அந்தக் குறுஞ்செய்தியை முழுக்கப் படியுங்கள், காப்பீடு என்று இருந்தால் சொல்லாதீர்கள். கடனின் முக்கிய விவரத் தாளை வாங்கிப் பாருங்கள். 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்களுக்கு அதைத் தந்தாக வேண்டும். காப்பீடு உட்பட எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். எனக்கு அதைக் காட்டவே இல்லை. நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பியிருக்கிறேன். 30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகிறேன். 6,779 ரூபாயை விடப்போவதில்லை.