பேனரில் தமிழ் எழுத்து: திரும்ப வரைய விடுவதா, நாமே தட்டுவதா?

கிருஷ்ணகிரி மாம்பழக் கடைக்கு ஏஐ-யில் ஒரு படம் செய்தேன். பேனரில் ‘தோட்டத்து மாம்பழம்’ என்று கேட்டால், ‘ட்ட’வின் புள்ளி காணோம், ‘ழ’ ஏதோ சுழியாக வந்தது. அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் திரும்ப வரைய வைக்கலாம். துணியின் மடிப்பும் வெயிலும் தானாகப் பொருந்தும், ஆனால் ஒரு எழுத்து சரியானால் இன்னொன்று கெடும். தூரத்தில் தெரியும் சின்னப் பலகைக்கு அது போதும்.

முன்னால் நிற்கும் பேனருக்கு நான் எப்போதும் இரண்டாவது வழிதான். எழுத்தை அழித்து வெறும் துணியாக்கிவிட்டு, ஃபோட்டோஷாப்பில் யூனிகோட் எழுத்துருவில் தட்டுவேன். பழைய பதிப்பில் ‘தோ’வில் கொம்பு ‘த’வுக்குப் பின்னால் போய் நின்றால், பத்தி அமைப்பில் World-Ready Layout தேர்ந்தெடுக்க வேண்டும். கிம்ப்பில் இந்தச் சிக்கல் வராது.

அப்புறம் நான்கு மூலைகளையும் பேனரின் சாய்வுக்கு இழுத்து, லேயரை Multiply-யில் வைத்தால் மடிப்பின் நிழல் எழுத்தின் மேலும் விழும். வெளிர் துணியில் அடர் எழுத்துக்குத்தான் இது சரி. வெள்ளை எழுத்து மறைந்தே போகும். ஓரங்கள் படத்தைவிடக் கூர்மையாக இருந்தால் ஒட்டுவேலை தெரிந்துவிடும். அரை பிக்சல் மங்கலும் கொஞ்சம் புள்ளி இரைச்சலும் சேர்ப்பேன்.