பள்ளி மணிக்கு எந்தக் கடிகார சிப்: DS1307-ஆ, DS3231-ஆ?

ஒரு பள்ளியில் மணி தானாக அடிக்க நண்பர் ஒருவர் ஆர்டுயினோவில் பெட்டி செய்து மாட்டியிருந்தார். கடிகாரத்துக்கு DS1307 மாட்யூல். இரண்டு குறைகள் சொன்னார்கள். மூன்று மாதத்தில் மணி நாலு நிமிடம் தள்ளிப் போய்விட்டது. அதோடு, கரன்ட் போய் வந்தால் நேரம் எங்கோ போய் நிற்கிறது. "பேட்டரி மோசம், மாற்றிப் பாருங்கள்" என்று யாரோ சொல்ல, இரண்டு முறை மாற்றியும் சரியாகவில்லை.

இரண்டும் வெவ்வேறு நோய். முதலாவது சிப்பைப் பொறுத்தது, இரண்டாவது புரோகிராமில் இருந்தது. புதிதாக மாட்யூல் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள்.

முதலில் நேரம் தள்ளிப் போவது. DS1307 தன் வெளியே இருக்கும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலை நம்பி ஓடுகிறது. சாதாரணக் கிரிஸ்டலுக்கு 25 டிகிரி வெப்பத்திலேயே பத்து லட்சத்துக்கு 20 பங்கு வரை பிழை இருக்கலாம். அதுவே ஒரு நாளுக்கு 1.7 வினாடி. அப்புறம் வெயில். இந்தக் கிரிஸ்டல் 25 டிகிரியில்தான் தன் உச்ச வேகத்தில் ஓடும். அதைவிடச் சூடானாலும் மந்தமாகும், குளிர்ந்தாலும் மந்தமாகும். விலகிய டிகிரியின் வர்க்கத்தை 0.034-ஆல் பெருக்கினால், பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு மந்தம் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். மணிப் பெட்டி இருந்தது தகரக் கூரைக்குக் கீழே, உள்ளே 45 டிகிரி. 20 டிகிரி விலகல், வர்க்கம் 400, பெருக்கினால் 13.6 பங்கு. அது நாளுக்கு இன்னொரு 1.2 வினாடி. கிரிஸ்டலின் சொந்தப் பிழையும் மந்தமான பக்கமே இருந்தால் கூட்டு 2.9 வினாடி, 90 நாளில் நாலு நிமிடத்துக்கு மேல். பள்ளியில் சொன்ன கணக்கோடு அப்படியே ஒத்துப்போனது.

DS3231-இல் கிரிஸ்டல் சிப்புக்கு உள்ளேயே இருக்கிறது, பக்கத்திலேயே வெப்பமானியும் உண்டு. 64 வினாடிக்கு ஒரு முறை வெப்பத்தை அளந்து, கிரிஸ்டலோடு சேர்ந்த கெப்பாசிட்டர் அளவைக் கூட்டிக் குறைத்து வேகத்தைத் திருத்திக்கொள்ளும். 40 டிகிரி வரை பிழை பத்து லட்சத்துக்கு 2 பங்குக்குள், அதாவது வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். அதற்கு மேலே சூடானால் 3.5 பங்கு, வருடத்துக்கு இரண்டு நிமிடத்துக்குள். பள்ளி மணிக்கு இது போதும், வருடத்துக்கு ஒரு முறை சரிசெய்தால் ஆயிற்று. வாங்கும்போது சிப்பின் முதுகில் அச்சிட்டதைப் படித்துப் பாருங்கள். DS3231M என்று இருந்தால் உள்ளே கிரிஸ்டல் இல்லை, வேறு வகை அதிர்வான். அதன் பிழை 5 பங்கு வரை, வருடத்துக்கு இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல். DS3231SN-தான் இரண்டு பங்குக்காரர்.

DS1307-க்கு என் கையில் இருக்கும் ஒரே இடம், இணையத்திலிருந்து தினமும் நேரம் வாங்கிக்கொள்ளும் கருவி. அங்கே கரன்ட் இல்லாத சில மணி நேரத்தைத் தாக்குப்பிடித்தால் போதும்.

இனி பேட்டரி. DS3231 நல்ல சிப், ஆனால் கடைகளில் அதிகம் கிடைக்கும் ZS-042 என்று அச்சிட்ட நீல மாட்யூலில் ஒரு கோளாறு இருக்கிறது. கரன்ட் இருக்கும்போது ஒரு டையோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் வழியாக அது பேட்டரியைச் சார்ஜ் செய்யும். சார்ஜ் ஏறும் LIR2032-ஐ மனதில் வைத்துச் செய்தது. நாமோ பெட்டிக் கடையில் கிடைக்கும் CR2032-ஐப் போடுகிறோம், அது சார்ஜ் ஏறக் கூடாத பேட்டரி. 5 வோல்ட்டில் டையோடுக்கு 0.6 போக 4.4, பேட்டரியின் 3 வோல்ட்டைக் கழித்தால் மிச்சம் 1.4. அதை 200-ஆல் வகுத்தால் 7 மில்லி ஆம்பியர் பேட்டரிக்குள் தள்ளப்படுகிறது. பேட்டரி உப்பும், சிலசமயம் கசிந்து தகட்டைத் தின்னும்.

சரி, LIR2032-ஐயே போடலாமே என்றால், அதற்கு உச்ச வரம்பு 4.2 வோல்ட். டையோடு வழியாக வரும் மின்னழுத்தம் சார்ஜ் ஏற்றும் மின்னோட்டம் குறையக் குறைய 4.4-ஐத் தாண்டும், நிறுத்த ஆளில்லை. அதற்கும் ஆயுள் குறையும். கொள்ளளவும் 40 மில்லி ஆம்பியர் மணி அளவுதான், CR2032-க்கு 220. DS1307-இல் LIR2032-ஐ நேரடியாகப் போட்டால் இன்னொரு சிக்கல். கரன்ட் வழங்கும் மின்னழுத்தம் பேட்டரியின் 1.25 மடங்குக்குக் கீழே போனால், கரன்ட் போய்விட்டது என்று அந்தச் சிப் முடிவு செய்து பேச்சை நிறுத்திவிடும். 4.2-க்கு 1.25 மடங்கு 5.25. ஐந்து வோல்ட் வந்துகொண்டிருந்தாலும் சிப் பதில் சொல்லாது.

ஆகவே என் தேர்வு CR2032, சார்ஜ் வழியை வெட்டிவிட்டு. 201 என்று அச்சிட்ட அந்தக் குட்டி ரெசிஸ்டரை சால்டரிங் அயர்னால் நெம்பி எடுத்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி, மாட்யூலுக்கு 5 வோல்ட் கொடுத்து, பேட்டரி பிடியின் இரு முனையில் மல்டிமீட்டர் வையுங்கள். எடுக்கும் முன் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது, இப்போது காட்டாது. மாட்யூலை 3.3 வோல்ட்டில் ஓட்டினால் டையோடுக்குப் பின் 2.7 தான் மிச்சம், புது CR2032-க்குள் எதுவும் போகாது.

பேட்டரி எவ்வளவு நாள் வரும்? பேட்டரியில் நேரம் காக்கும்போது DS3231 எடுப்பது, மிக மோசமாகப் பார்த்தால் 3 மைக்ரோ ஆம்பியர். வருடம் முழுக்கக் கரன்ட்டே இல்லை என்று வைத்தாலும் 220 மில்லி ஆம்பியர் மணி 73,000 மணி நேரம் தாங்கும், எட்டு வருடம். DS1307 இதைவிடச் சிக்கனமானது, ஆனால் அந்த வித்தியாசம் இங்கே பயன்படாது. கரன்ட் பெரும்பாலும் இருக்கும் பள்ளியில் பேட்டரி தன் வயதால்தான் தீரும்.

இரண்டாவது குறைக்கு வருகிறேன். புரோகிராமின் `setup()`-இல் இந்த வரி நிபந்தனை இல்லாமல் நின்றது:

```
rtc.adjust(DateTime(F(__DATE__), F(__TIME__)));
```

புரோகிராம் தொகுத்த நேரத்தை இது சிப்பில் எழுதுகிறது. கரன்ட் வரும்போதெல்லாம் `setup()` ஓடும், மூன்று மாதம் முந்தைய நேரம் மறுபடி ஏறும். எத்தனை பேட்டரி மாற்றி என்ன பயன்? கண்டுபிடிப்பது எளிது: ஒவ்வொரு முறையும் அதே தேதி, அதே நிமிடத்திலிருந்து தொடங்கினால் குற்றவாளி இந்த வரி. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1 என்று காட்டினால் பேட்டரி உண்மையிலேயே தீர்ந்திருக்கிறது, அல்லது பிடியில் சரியாகத் தொடவில்லை.

எடுத்துக்காட்டு நிரல்களில் அந்த வரியை `if (rtc.lostPower())` உள்ளே வைப்பார்கள். மேசையில் சோதிக்க அது சரி, மாட்டிவிட்டு வரும் கருவிக்கு நான் அப்படி வைப்பதில்லை. ஐந்து வருடம் கழித்துப் பேட்டரி தீரும்போது அதுவும் சத்தமில்லாமல் பழைய நேரத்தைத்தான் எழுதும். DS3231-இன் அதிர்வான் ஒரு முறை நின்றால் சிப் அதை ஒரு குறியாகப் பதிந்து வைக்கும், `lostPower()` படிப்பது அதைத்தான். அந்தக் குறி நாம் அழிக்கும்வரை அப்படியே இருக்கும். அதைப் பார்த்ததும் மணியை நிறுத்திச் சிவப்பு விளக்கை எரிய விடுவதே நல்லது:

```
if (rtc.lostPower()) {
  bellOn = false;
  digitalWrite(RED, HIGH);
}
```

நேரத்தைப் பொத்தானில் சரிசெய்ததும் `adjust` அந்தக் குறியை அழித்துவிடும். அந்தப் பள்ளிக்கு DS3231SN, ரெசிஸ்டர் எடுத்த மாட்யூல், புது CR2032, இந்த நாலு வரி. பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் பேட்டரி போட்ட தேதியை மார்க்கரில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.