கமிஷன்காரர் தனக்குத்தானே சம்பளம்: சராசரியா, மெலிந்த மாதமா?

கமிஷன் முழுவதும் ஒரு தனிக் கணக்கில் விழுகிறது. ஒன்றாம் தேதி அதிலிருந்து ஒரே தொகை வீட்டுக் கணக்குக்குத் தானாக மாறுகிறது. சரி, எவ்வளவு? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

ஒரு காப்பீட்டு முகவரை எடுத்துக்கொள்வோம். வரிச் சேமிப்புக்காக ஓடிவருபவர்களால் மார்ச்சில் கொட்டும், ஏப்ரலில் காயும். வரிக்கு ஒதுக்கியதுபோக ஆண்டு வரவு 5,04,000 ரூபாய். ஏப்ரல் முதல் ஜூலைவரை 18,000, 22,000, 30,000, 35,000.

சராசரிச் சம்பளம்: மாதம் 42,000.
மெலிந்த மாதச் சம்பளம்: மெலிந்த மாதங்களில் ஒன்றான ஜூனின் வரவளவு, மாதம் 30,000.

ஏப்ரலில் தொடங்கினால் முன்கையிருப்பு:
சராசரிக்கு 63,000. நான்கு மாதமும் துண்டு விழும்.
மெலிந்ததற்கு 20,000. ஜூனிலேயே சமன்.

ஆண்டு முடிவில்:
சராசரியில் போட்ட 63,000 மட்டும் மிஞ்சும். வரவு கொஞ்சம் சரிந்தாலும் அதில்தான் கை வைக்க வேண்டும்.
மெலிந்ததில் கூடுதலாக 1,44,000 சேரும். ஆனால் ஆண்டு முழுக்க இறுக்கம்; மார்ச்சில் பெரிய தொகையைப் பார்த்ததும் கை அரிக்கும். (எனக்கு அரித்தது. ஒரு ஃப்ரிட்ஜ் வந்தது.)

புதிதாக வந்தவருக்கும் வீட்டில் ஒரே வருமானம் உள்ளவருக்கும் மெலிந்த மாதம்தான். மூன்று ஆண்டுக் கணக்கு கையில் இருந்து, மூன்று மாதச் சம்பளமும் சேர்ந்துவிட்டால் சராசரிக்கு மாறலாம். அப்புறம், வழக்கமாக வரவு நன்றாக இருக்கும் மாதங்களிலும் கையிருப்பு இறங்கினால், சம்பளத்தை உடனே குறையுங்கள்.