நூறு பேரிலிருந்து லட்சம் பேர் வரை: லாம்டாவா, மாத வாடகை சர்வரா?

சர்வர் செலவைப் பயனர் எண்ணிக்கையிலிருந்து நேராகக் கணக்கிட முடியாது. முதலில் அதைக் கோரிக்கைகளாக மாற்ற வேண்டும். பதிவு செய்தவர்களில் 20 சதவீதம் பேர் தினமும் வருகிறார்கள், ஒவ்வொருவரும் 50 கோரிக்கைகள் அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 பேர் என்றால் மாதம் 30,000 கோரிக்கைகள். லட்சம் பேர் என்றால் 3 கோடி. டேட்டாபேஸ் செலவு இரண்டு வழியிலும் ஒன்றுதான் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

100 பேர் கட்டத்தில் போட்டியே இல்லை. கோரிக்கை வரும்போது மட்டும் நம் நிரலை ஓட்டி, ஓடிய அளவுக்கே காசு வாங்கும் ஏடபிள்யூஎஸ் லாம்டாவில் மாதம் 10 லட்சம் கோரிக்கைகள் இலவசம், அதனால் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். சிறிய வாடகை சர்வர் யாருமே வராவிட்டாலும் சில டாலர்களைக் கேட்கும். 10,000 பேர் வந்தாலும் லாம்டாவும் அதன் முன்னால் நிற்கும் கேட்வேயும் சேர்ந்து நான்கு டாலரைத் தாண்டாது.

லட்சம் பேர் வரும்போதுதான் கணக்கு சூடுபிடிக்கிறது. ஒரு கோரிக்கை 512 எம்பி நினைவகத்தில் 200 மில்லி செகண்ட் ஓடினால், லாம்டாவுக்கு 49 டாலர், கேட்வேக்கு 30, ஆக 79 டாலர். வாடகைப் பக்கம், உச்ச நேரத்தைச் சராசரியைப்போல் ஐந்து மடங்கு என்று எடுத்தால் நொடிக்கு 58 கோரிக்கைகள். ஒவ்வொன்றும் 0.2 நொடி எடுப்பதால் ஒரே நேரத்தில் ஓடுபவை 12தான். 2 கோர், 4 ஜிபி இயந்திரங்கள் இரண்டும் ஒரு லோடு பேலன்சரும் பொதுவாகத் தாங்கும். சுமார் 60 டாலர். இந்த 19 டாலருக்காக யாரும் இடம் மாற வேண்டியதில்லை.

ஆனால் பலர் எழுத மறக்கும் வரி ஒன்று உண்டு: வெளியே போகும் டேட்டா. படங்களையும் சேர்த்து ஒரு கோரிக்கைக்கு 100 கேபி என்றால் மாதம் 3,000 ஜிபி. ஏடபிள்யூஎஸ்ஸில் முதல் 100 ஜிபி இலவசம், அதற்கு மேல் ஜிபிக்கு 0.09 டாலர்:

```
(3000 - 100) × 0.09 = 261
```

லாம்டா பக்கம் 340 டாலராகிவிட்டது. டிஜிட்டல்ஓஷன் மாதிரியான வாடகைகளில் சில டெராபைட் டேட்டா உள்ளேயே அடங்கும், அதனால் அங்கே 60 அப்படியே நிற்கும்.

அதற்காக லாம்டாவைக் கைவிடச் சொல்ல மாட்டேன். முதல் நாளிலிருந்தே படங்களை கிளவுட்ஃப்ளேர் ஆர்2 போல வெளியேற்றக் கட்டணம் இல்லாத சேமிப்பகத்தில் வையுங்கள். படிக்கும் கோரிக்கைகளுக்குச் சிறு கட்டணம் மட்டும் வரும். மீதமுள்ள ஜேசன் பதில் 5 கேபி என்றால், 261 டாலர் 4.50 ஆகச் சுருங்கும்.

அப்புறம் கவனிக்க வேண்டியது மெதுவான டேட்டாபேஸ் கேள்விகள். 200 மில்லி செகண்ட் 600 ஆனால், லாம்டா காத்திருக்கும் நேரத்துக்கும் காசு வாங்கும். 49 டாலர் 149 ஆகும். வாடகை சர்வரில் பில் மாறாது, பயனர்தான் காத்திருப்பார். அங்கே சராசரியைப் பார்க்காமல், மிக மெதுவான 5 சதவீதக் கோரிக்கைகளின் நேரத்தைப் பாருங்கள். நெரிசல் முதலில் அதில்தான் தெரியும்.