டோக்ளா: தட்டிலா, இட்லிக் குழியிலா?

நாகர்கோவிலில் எங்கள் வீட்டு இட்லிப் பானையில், ஆவியில் வேகும் குஜராத்திப் பலகாரமான டோக்ளாவைத் தட்டு, குழி இரண்டிலும் செய்து பார்த்துவிட்டேன்.

மாவு: இரண்டுக்கும் ஒரே பதம். ஒரு கப் கடலை மாவுக்கு முக்கால் கப் தண்ணீர். கரண்டியிலிருந்து நாடாபோல் விழ வேண்டும். நீர்த்துப்போனால் குமிழிகள் நிற்காமல் வெளியேறி, டோக்ளா அமுங்கிவிடும். ஃப்ரூட் சால்ட் கலந்ததும் ஊற்றிவிட வேண்டும். குழிகளை ஒவ்வொன்றாக நிரப்புவதற்குள் நுரை அடங்கத் தொடங்குகிறது.

நேரம்: தட்டில் 15 முதல் 18 நிமிடம். குழியில் 10 போதும்.

குச்சிச் சோதனை: பல்குத்தும் குச்சிக்குப் பதில் ஈர்க்குச்சி எடுத்தேன், தென்னைக்கா பஞ்சம்! தட்டில் 15ஆம் நிமிடம் ஓரத்தில் சுத்தமாக வந்தது. நடுவில் மாவு ஒட்டியது. மேலும் 3 நிமிடம் வைத்தேன். வெறும் ஈரம் மட்டும் என்றால் வெந்துவிட்டது. குழியில் இந்த ஏமாற்று குறைவு.

விருந்துக்குச் சதுரத் துண்டுகள் வேண்டுமா, தட்டு. பள்ளி நாள் அவசரத்துக்குக் குழி.