ரகசிய முறையா, ரகசியச் சாவியா? ஒரு சங்கத்துக் கோப்பும் இரண்டு பூட்டுகளும்

சுங்கை சிப்புட்டில் உள்ள ஒரு சிறிய கூட்டுறவுச் சங்கம். உறுப்பினர்களில் பெரும்பாலோர் தோட்டங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களுடைய பெயர், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, பங்குத் தொகை எல்லாம் ஒரே கணினிக் கோப்பில் இருக்கின்றன. அதைப் பூட்டி வைக்க நிர்வாகக் குழுவின் முன் இரண்டு வழிகள் வந்தன. பட்டணத்துக் கணினிக் கடைக்காரர் சொந்தமாக எழுதிய மென்பொருள் ஒன்று. இலவசமாகக் கிடைக்கும் 7-ஸிப் மற்றொன்று. அது ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையைப் பயன்படுத்துகிறது.

கடைக்காரரின் வாதம் கேட்க நன்றாகவே இருந்தது. "என் முறை என்னவென்று எனக்கு மட்டும்தான் தெரியும். தெரியாததை எவன் உடைப்பான்?" பொருளாளர் முன்னாள் கிராணி, எதையும் எளிதில் நம்பாதவர். அவரே அந்தப் பக்கம் சாய்ந்தார். "உலகத்துக்கே தெரிந்த முறையால் பூட்டினால் அது என்ன பூட்டு, தம்பி?" என்று என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லும் முன் கடைக்காரரின் மாதிரி மென்பொருளில் பன்னிரண்டு சுழியங்களை ஓர் உறுப்பினரின் அடையாள அட்டை எண்ணாகப் பதிந்தேன். 472916835073 என்று வந்தது. அடுத்துப் பன்னிரண்டு ஒன்றுகள். 583027946184 என்று வந்தது.

ஒவ்வோர் இலக்கமும் ஒன்று கூடியிருக்கிறது. ஒன்பது மட்டும் சுழியமாகியிருக்கிறது. ஆகவே முறை இதுதான்: எண்ணின் ஒவ்வோர் இலக்கத்தோடும் சாவியின் இலக்கத்தைக் கூட்டி, பத்தோ அதற்கு மேலோ வந்தால் அந்த ஒன்றை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகாமல் விட்டுவிடுவது. சுழியங்களைக் கொடுத்தபோது வெளியே வந்ததே முழுச் சாவி. 1971 மார்ச் 12 அன்று பேராக்கில் பிறந்தவரின் எண்ணுடைய முதல் எட்டு இலக்கங்கள் இப்படி மாறும்:

```
எண்     7 1 0 3 1 2 0 8
சாவி    4 7 2 9 1 6 8 3
விடை    1 8 2 2 2 8 8 1
```

"திருடனிடம் என் மென்பொருள் இருக்காதே" என்று கடைக்காரர் சொல்லலாம். சரி, பூட்டிய கோப்பு மட்டும் அவனிடம் சிக்கியதாக வைத்துக்கொள்வோம். நம் அடையாள அட்டை எண் பிறந்த ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கி, பிறகு மாநிலக் குறியீட்டுக்குப் போகிறது. மாதத்தின் முதல் இலக்கம் 0 அல்லது 1 மட்டுமே. எனவே பட்டியல் முழுக்க மூன்றாவது இடத்தில் 2, 3 என்ற இரண்டு இலக்கங்கள்தான் தென்படும்; சாவியின் மூன்றாவது இலக்கம் 2 என்று அப்போதே தெரிந்துவிடும். அங்கே 3 உள்ள வரிகளை மட்டும் பிரித்தெடுத்தால் அவை அக்டோபர், நவம்பர், டிசம்பரில் பிறந்தவர்கள். அவர்களுடைய நான்காவது இடத்தில் 9, 0, 1 தவிர வேறு வராது, சாவி 9. ஐந்தாவது இடத்தில் நாளின் முதல் இலக்கம், 0 முதல் 3 வரை, கோப்பில் 1 முதல் 4 வரை வரும், சாவி 1. பெரும்பாலோர் பேராக்கில் பிறந்தவர்கள், குறியீடு 08. ஏழாவது, எட்டாவது இடங்களில் 81 திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தால் அதுவும் கழன்றுவிடும். மீதியுள்ள இலக்கங்களுக்கு யாராவது ஓர் உறுப்பினரின் உண்மையான எண் தெரிந்தால் போதும். கழித்துப் பார்த்தால் முழுச் சாவியும் கைக்கு வரும். நண்பரின் எண்ணை அறிந்தவர்கள் பட்டணத்தில் எத்தனை பேர்! இதற்குக் கணினியே தேவையில்லை, காகிதமும் பென்சிலும் போதும்.

இதே கூட்டலையே வேறு விதமாகச் செய்தால் உடைக்கவே முடியாது. முற்றிலும் தற்செயலான சாவியைக் கோப்பின் நீளத்துக்கு எடுத்து, ஒரே ஒரு முறை மட்டும் பயன்படுத்தினால், அதை எந்தக் கணினியாலும் உடைக்க முடியாது என்று 1949இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் நிரூபித்தார். எதிரி முறையை முழுதாக அறிந்திருந்தாலும் பயனில்லை. கடைக்காரரின் தவறு கூட்டலில் இல்லை, ஒரே பன்னிரண்டு இலக்கங்களை எல்லா உறுப்பினர்களுக்கும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில்தான் இருக்கிறது.

பொருளாளரின் கேள்விக்கு 1883இலேயே பதில் சொல்லப்பட்டுவிட்டது. ராணுவக் குறியீடுகள் பற்றி எழுதிய ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ், முறை எதிரியின் கையில் விழுந்தாலும் கெடுதல் வரக்கூடாது என்று நிபந்தனை வைத்தார். முறை என்பது மென்பொருளாகக் கடைக்காரரின் ஒவ்வொரு வாடிக்கையாளரின் கணினியிலும் கிடக்கிறது; யாரோ ஒருவரிடமிருந்து அது வெளியே போகத்தான் செய்யும். போன பிறகு எல்லாரும் மொத்தமாக மாற வேண்டும். சாவி போனால் அந்த ஒரு சங்கம் மட்டும் சாவியை மாற்றினால் போதும்.

ரகசிய முறையை நம்பியவர்கள் சின்னக் கடைக்காரர்கள் மட்டுமல்ல. மைஃபேர் கிளாசிக் அட்டைகள் உலகின் பல நகரங்களில் ரயில், பஸ் டிக்கெட்டாகப் பயன்பட்டன; லண்டனின் ஆய்ஸ்டர் அட்டையும் அவற்றில் ஒன்று. அவற்றிலிருந்த கிரிப்டோ1 என்ற குறியாக்க முறையை அட்டையைத் தயாரித்த நிறுவனம் பல ஆண்டுகள் மறைத்தே வைத்திருந்தது. கார்ஸ்டன் நோல், ஹென்றிக் ப்ளோட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அட்டையின் சில்லை அடுக்கடுக்காகத் தேய்த்து, நுண்ணோக்கியில் படமெடுத்து, மின்சுற்றிலிருந்தே முறையைப் படித்து 2007 டிசம்பரில் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாவியை விரைவாக மீட்கும் வழிகளைக் கண்டார்கள். நிறுவனம் வெளியீட்டைத் தடுக்க நீதிமன்றம் போனது, தடை கிடைக்கவில்லை. முறையை மறைத்து வைத்ததால் அதன் பலவீனம் குறையவில்லை. 48 பிட் சாவியின் சிறுமை வெளியே தெரிந்ததுதான்; முறையின் குறைகளும் தற்செயல் எண்களின் மோசமும் அவ்வளவு காலம் வெளி நிபுணர் எவர் கண்ணிலும் படாமல் இருந்தன, அவ்வளவுதான்.

ஏஇஎஸ் வந்த வழி இதற்கு நேரெதிர். 1997இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் பகிரங்கமாகப் போட்டி அறிவித்தது. 1998இல் 15 முறைகள் களத்தில் இருந்தன. அவற்றில் டாய்ச் டெலிகாம் அனுப்பிய மெஜெண்டாவை, முறைகளை முன்வைத்த மாநாட்டிலேயே அங்கிருந்த நிபுணர்கள் உடைத்துக் காட்டினார்கள். பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரு கடை அறையில் தனியே எழுதிய முறையைப் பற்றி என்ன சொல்வது? 2000இல் பெல்ஜியத்தின் யோவான் டேமன், வின்சென்ட் ரேமன் இருவரின் ரைண்டால் வென்றது, 2001இல் தரமானது. உலகின் சிறந்த தலைகள் இரண்டு தசாப்தங்களுக்கு மேலாக இதன் மீது முட்டிப் பார்த்துவிட்டன. முழு ஏஇஎஸ் மீது 2011இல் வெளியான தாக்குதல், எல்லாச் சாவிகளையும் வரிசையாகச் சோதிக்கும் வேலையைச் சில மடங்கு குறைத்தது. 256 பிட் சாவிகளின் எண்ணிக்கை 78 இலக்க எண் என்பதால் அந்தக் குறைப்பு நடைமுறையில் ஒன்றுமில்லை. சில உறுப்பினர்களின் எண் தெரிந்திருந்தாலும் கழித்துப் பார்த்துச் சாவியைப் பிடிக்க முடியாது.

7-ஸிப்பில் கோப்பின் பூட்டிய பிரதியை உருவாக்க இவ்வளவு போதும்:

```
7z a -p -mhe=on ahli.7z ahli.xlsx
```

`-mhe=on` உள்ளே இருக்கும் கோப்பின் பெயரையும் மறைக்கும்.

இந்தப் பக்கமும் பலவீனம் உண்டு. நாம் தட்டும் கடவுச்சொல்லிலிருந்துதான் சாவி உருவாகிறது. சங்கத்தின் பெயரோடு ஆண்டைச் சேர்த்தால் ஏஇஎஸ் எவ்வளவு வலிமையாக இருந்தும் பயனில்லை, ஊகித்துவிடுவார்கள். தொடர்பில்லாத ஆறேழு சொற்களைத் தற்செயலாகப் பொறுக்கிச் சேர்ப்பது நல்லது. மறந்தால் திறக்கவும் வழியில்லை. "மறந்துவிட்டால் நான் திறந்து தருகிறேன்" என்று கடைக்காரர் வாக்களித்ததைப் பொருளாளர் வசதி என்றே நினைத்தார். எங்கள் கோப்பை அவர் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்பதே அதன் பொருள் என்றதும், "அப்படியானால் வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார்.

கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, முத்திரையிட்ட உறையில் வங்கிப் பெட்டகத்தில் வைப்பது என்று முடிவானது. செயலாளர் மாறும்போது கடவுச்சொல்லும் மாறும். ஆனால் அவரிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய பிரதிகள் பழைய கடவுச்சொல்லுக்கே திறக்கும். பென்டிரைவ்களை எண்ணி வாங்கி அழிக்கும் வேலையைப் பொருளாளரே எடுத்துக்கொண்டார்.