சார்ஜ்பேக் பதில்: தேதி வரிசையா, காரண வரிசையா?

கார்டில் கட்டிய பணத்தை வாடிக்கையாளர் வங்கி மூலம் திரும்பக் கேட்பதே சார்ஜ்பேக். அதற்குக் கடைக்காரர் பதில் எழுத இரண்டு வழி உண்டு. ஆர்டர் வந்த நாளிலிருந்து நடந்ததையெல்லாம் தேதி வரிசையில் சொல்வது ஒன்று. வங்கி குறிப்பிட்ட காரணத்துக்கு நேரடியாகப் பதில் தரும் ஆதாரத்தை முதலில் வைப்பது இன்னொன்று. எங்கள் ஆன்லைன் சேலைக் கடையில் இரண்டாவதுக்கு மாறிவிட்டோம். இனி அதைத்தான் தொடர்வோம்.

தேதி வரிசை எழுதச் சுலபம். ரசீது, மெயில், ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் அப்படியே ஒட்டிவிடலாம். ஆனால் வழக்கைத் தீர்க்கும் தாள் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும். கார்டு பணத்தை வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப்பில் பதிலை ஒருமுறை அனுப்பிவிட்டால் பிறகு திருத்தவும் முடியாது.

எல்லாமே வங்கி புகாருக்குத் தரும் காரணக் குறியீட்டில்தான் இருக்கிறது. பொருள் வரவில்லை என்ற புகாருக்கு விசா கார்டில் குறியீடு 13.1. அங்கே கேள்வி ஒன்றுதான்: சொன்ன முகவரிக்குச் சொன்ன தேதிக்குள் பொருள் போய்ச் சேர்ந்ததா? நெசவின் தரமும் கடையின் நல்ல பெயரும் இதற்குப் பதிலாகாது. அப்படி வந்த ஒரு புகாருக்கு முகப்புத் தாளில் நாங்கள் எழுதியது இவ்வளவுதான்:

"மார்ச் 11 அன்று வாடிக்கையாளரே, 'சேலை வந்துவிட்டது, பிளவுஸ் துணி தனியாகக் கிடைக்குமா?' என்று எழுதியிருக்கிறார் (இணைப்பு 1). மார்ச் 9 அன்று கையெழுத்துடன் டெலிவரி ஆனது (இணைப்பு 2). டெலிவரி முகவரியும் ஆர்டரில் உள்ள முகவரியும் ஒன்றே (இணைப்பு 3)."

மெயிலை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கையெழுத்து போட்டது வாட்ச்மேனாகவும் இருக்கலாம்; மெயில் வாடிக்கையாளரின் சொந்த வார்த்தை. ட்ராக்கிங்கை லிங்காகக் கொடுக்காமல் ஸ்கிரீன்ஷாட்டாக வைக்க வேண்டும். வங்கியில் லிங்கைத் திறந்து பார்ப்பார்கள் என்று நம்ப முடியாது, அந்தப் பக்கமும் சில மாதங்களில் மறைந்துவிடலாம். அதில் பல நேரம் ஊர்ப் பெயர் மட்டும்தான் தெரியும். கதவு எண்ணுடன் உள்ள டெலிவரி சான்றை கூரியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இதே கட்டு 10.4 குறியீட்டுக்கு, அதாவது 'இந்த ஆர்டரை நான் போடவே இல்லை' என்ற புகாருக்கு, அவ்வளவாக உதவாது. டெலிவரி சான்று பின்னால் போய், ஓடிபி போன்ற சரிபார்ப்பு நடந்த பதிவு முன்னால் வர வேண்டும். அது இல்லையென்றால், அதே கார்டில் 120 முதல் 365 நாளுக்கு முன் நடந்து, மோசடி என்று புகார் வராத இரண்டு ஆர்டர்களைக் காட்டலாம். அவற்றின் ஐபி முகவரியோ சாதன அடையாளமோ புகார் வந்த ஆர்டரோடு ஒத்துப்போக வேண்டும். அதோடு டெலிவரி முகவரி போன்ற இன்னொரு விவரமும் பொருந்த வேண்டும். 2023 ஏப்ரலிலிருந்து விசா இந்த வழியை ஏற்கிறது.

தேதி வரிசைக்கும் ஓர் இடம் உண்டு. பொருள் சொன்னபடி இல்லை என்ற 13.3 புகாரில், யார் எப்போது திருப்பி அனுப்பச் சம்மதித்தார்கள், பொருள் திரும்பி வந்ததா என்ற வரிசையே ஆதாரமாகிவிடும். எங்களுக்கு அப்படிப்பட்ட புகார்கள் குறைவு என்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் மேலே ஒரு வரியில் பதிலைச் சொல்லிவிட்டு, தேதிகளை அதற்குக் கீழே வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.